குத்தகை வேனில் விபத்து: எக்செஸ் பணம் யார் கையிலிருந்து போக வேண்டும்? சிங்கப்பூர் நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

மழை நாள் இரவு. ஆயர் ராஜா விரைவுச்சாலையில் எங்கள் விநியோக வேன் முன்னால் நின்ற காரின் பின்புறம் மோதியது. யாருக்கும் காயமில்லை. மூன்று வாரம் கழித்துக் குத்தகை நிறுவனத்திலிருந்து எக்செஸ் என்று 5,000 வெள்ளிக்கு ஒரு பில் வந்தது. ஓட்டிய தம்பிக்கு மாதச் சம்பளம் 1,800 வெள்ளி. கணக்குப் பிரிவில் ஒருவர், "மாதம் 400 வெள்ளி பிடித்துக்கொண்டே வந்தால் ஏறக்குறைய ஓராண்டில் முடிந்துவிடும்" என்றார். அந்தப் பில்லின் தொகை தவறு. பிடிக்கச் சொன்ன முறையோ சட்டத்துக்கே புறம்பானது.

சிறிய நிறுவனங்களில் வாகனங்களைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் வேறு வேலை பார்க்கும் ஒருவர் தலையில்தான் விழுகிறது. அவருக்காகவும், வேன் ஓட்டும் ஊழியருக்காகவும் இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம். முதல் நான்கு படிகளை விபத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டும். விபத்துக்குப் பின் அவற்றைச் செய்ய முயல்பவர்களே அதிகம்.

1. எக்செஸ் யாருடைய கடன் என்பதைப் பிரித்துப் பாருங்கள்

எக்செஸ் என்பது ஒவ்வொரு விபத்துக் கோரிக்கையிலும் காப்புறுதி நிறுவனம் ஏற்காமல் நம்மிடமே விட்டுவைக்கும் முதல் பகுதி. பழுது 5,000 வெள்ளி, எக்செஸ் 2,000 வெள்ளி என்றால் காப்புறுதி 3,000 வெள்ளியைத்தான் தாங்கும்.

இந்த 2,000 வெள்ளியை யார் தருவது என்பது பார்க்க ஒரே கேள்விபோல் இருக்கும். உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. காப்புறுதி நிறுவனத்துக்கும் பாலிசிதாரருக்கும் இடையில் ஒரு கணக்கு. குத்தகை வாகனத்தில் பாலிசிதாரர் பெரும்பாலும் குத்தகை நிறுவனமே. குத்தகை நிறுவனத்துக்கும் வாடகைக்கு எடுத்த உங்கள் நிறுவனத்துக்கும் இடையில் இரண்டாவது கணக்கு. உங்கள் நிறுவனத்துக்கும் ஊழியருக்கும் இடையில் மூன்றாவது.

முதல் இரண்டையும் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. மூன்றாவதை ஒப்பந்தம் மட்டும் தீர்மானிக்க முடியாது. அங்கே வேலை நியமனச் சட்டம் குறுக்கே நிற்கிறது. "குத்தகை நிறுவனம் எங்களிடம் வாங்கியது, நாங்கள் உன்னிடம் வாங்குகிறோம்" என்று தொகையை அப்படியே கீழே தள்ள முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே மூன்று தாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: காப்புறுதி பாலிசியின் அட்டவணைப் பக்கம், குத்தகை ஒப்பந்தம், ஊழியரின் வேலை ஒப்பந்தம். குத்தகை நிறுவனங்கள் காப்புறுதிச் சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு அட்டவணையைத் தராமல் இருப்பதுண்டு. கேட்டு வாங்குங்கள். எக்செஸ் எண்கள் அதில்தான் இருக்கின்றன.

2. எக்செஸ் ஒன்றல்ல என்பதை அட்டவணையில் பாருங்கள்

புதிதாக வருபவர்கள் ஒரே ஓர் எண்ணைப் பார்த்துவிட்டுத் தாளை மூடிவிடுவார்கள். நிறுவன வாகனப் பாலிசிகளில் பொதுவாக மூன்று எண்கள் இருக்கக்கூடும். அவை ஒன்றின் மேல் ஒன்றாக ஏறும்.

சொந்த வாகனத்தின் சேதத்துக்கு ஒன்று. எதிர்த்தரப்பு வாகனத்துக்கோ சொத்துக்கோ ஏற்பட்ட சேதத்துக்குத் தனியாக இன்னொன்று. இது எல்லாப் பாலிசியிலும் இருக்காது. ஆனால் வர்த்தக வாகனங்களிலும் குத்தகை வாகனங்களிலும் அடிக்கடி இருக்கும். மூன்றாவது, இளம் வயது அல்லது அனுபவம் குறைந்த ஓட்டுநருக்கான கூடுதல் எக்செஸ். எத்தனை வயதுக்குக் கீழே, உரிமம் வாங்கி எத்தனை ஆண்டுக்குள் என்ற வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

எங்கள் வேனின் அட்டவணையில் சொந்தச் சேதத்துக்கு 2,000 வெள்ளி, எதிர்த்தரப்புச் சேதத்துக்கு 1,000 வெள்ளி, உரிமம் வாங்கி இரண்டு ஆண்டு நிறையாதவர் ஓட்டினால் சொந்தச் சேதத்தில் மேலும் 2,000 வெள்ளி என்று இருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளில் எங்களில் எவரும் அந்த மூன்றாவது வரியைப் படிக்கவில்லை.

குத்தகை ஒப்பந்தத்தையும் இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாலிசியில் எக்செஸ் 1,500 என்று இருக்கும்போது, வாடகைக்கு எடுத்தவர் 3,000 தர வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லலாம். இரு தரப்பும் கையெழுத்திட்டால் அது செல்லும். உங்களைக் கட்டுப்படுத்துவது ஒப்பந்தத்தில் உள்ள எண்தான். மாத வாடகையைச் சற்றுக் கூட்டி எக்செஸைக் குறைக்கும் ஏற்பாடு இருந்தால் பேரம் பேச வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான். பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

3. சாவி கொடுப்பதற்கு முன் ஓட்டுநரின் உரிமத்தைப் படியுங்கள்

உரிமத்தின் படத்தை வாங்கிக் கோப்பில் போட்டுவிடுவது போதாது. மூன்று விவரங்களைப் படிக்க வேண்டும்: எந்த வகுப்பு, எந்தத் தேதியில் கிடைத்தது, இன்று செல்லுபடியாகிறதா.

வகுப்பு ஏன் முக்கியம்? வகுப்பு 3 உரிமத்தில் சாதாரண வேனை ஓட்டலாம். கனரக லாரிக்கு அது போதாது. அந்த வாகனத்துக்குத் தகுந்த உரிமம் இல்லாதவர் ஓட்டினால் எக்செஸ் பற்றிப் பேசவே இடமிருக்காது. சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு முழுவதும் போய்விடக்கூடும்.

தேதி ஏன் முக்கியம் என்றால், கூடுதல் எக்செஸ் அதைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. உரிமம் கிடைத்த முதல் ஆண்டு சோதனைக் காலம், வாகனத்தில் பி தகடு ஒட்ட வேண்டும். அது முடிந்ததும் "இனி இவர் முழு ஓட்டுநர்" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சாலைச் சட்டத்துக்கு அது சரி. பாலிசிக்கு அப்படியல்ல. எங்கள் தம்பிக்கு உரிமம் வாங்கி 14 மாதம் ஆகியிருந்தது. பி தகடு கழன்றுவிட்டது, கூடுதல் எக்செஸ் கழலவில்லை.

ஓட்டுநர்களின் பெயரை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் ஒருவரைக்கூட விடாமல் மின்னஞ்சலில் தெரிவியுங்கள். இன்று விடுப்பில் இருக்கும் ஓட்டுநருக்குப் பதிலாகக் கிடங்கில் வேலை செய்பவரை அனுப்பும் நாளில்தான் விபத்து நடக்கும் என்று எங்கள் மேலாளர் சொல்வார். இரண்டு முறை அவர் சொன்னபடியே நடந்திருக்கிறது.

4. எக்செஸ் பற்றி ஊழியருக்கு முன்பே எழுத்தில் சொல்லுங்கள்

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. "விபத்து ஏற்பட்டால் முழு எக்செஸ் தொகையையும் ஊழியரே ஏற்க வேண்டும்" என்ற ஒற்றை வரியை வேலை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நிறுவனங்கள் நினைக்கின்றன. அந்த வரியை வைத்துக்கொண்டு சம்பளத்தில் முழுத் தொகையையும் பிடிக்க முடியாது.

ஊழியரிடம் ஒப்படைத்த பொருள் அல்லது பணம் அவருடைய கவனக்குறைவால் சேதமானால் அல்லது தொலைந்தால் சம்பளத்தில் பிடிக்க வேலை நியமனச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நான்கு வேலிகள் போட்டிருக்கிறது. சேதம் அவருடைய கவனக்குறைவின் நேரடி விளைவாக இருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். தொகை உண்மையான இழப்பைத் தாண்டக்கூடாது. தொழிலாளர் ஆணையரின் அனுமதி இருந்தாலொழிய ஒரு மாதச் சம்பளத்தின் 25 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. அதையும் ஒரே தடவையாகத்தான் பிடிக்கலாம் என்பது மனிதவள அமைச்சின் வழிகாட்டுதல். மாதாமாதம் 25 விழுக்காடு என்று நீட்டிக்கொண்டே போக இடமில்லை.

"ஊழியர் எழுதிச் சம்மதித்தால்?" என்று உடனே கேட்பார்கள். எழுத்துப்பூர்வ சம்மதத்தின் பேரில் சில பிடித்தங்களைச் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சம்மதத்தைப் பிடித்தம் நடப்பதற்கு முன் எப்போது வேண்டுமானாலும் ஊழியர் திரும்பப் பெறலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக்கூடாது. வேலையில் சேரும் நாளில் நீட்டிய தாளில் வாங்கிய கையெழுத்து இரும்புப் பூட்டல்ல.

அப்படியானால் எழுதவே வேண்டாமா? எழுத வேண்டும், வேறு விதமாக. எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது இருப்பது ஏறக்குறைய இப்படி:

"விபத்து எதுவானாலும், சேதம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஊழியர் உடனே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எக்செஸை நிறுவனம் முதலில் செலுத்தும். விபத்து ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்ததாக நிறுவனம் கருதினால் அவருடைய விளக்கத்தைக் கேட்ட பிறகே முடிவெடுக்கும். சம்பளத்திலிருந்து பிடிப்பதாக இருந்தால் அது சட்ட வரம்புக்குள் ஒரே தடவையாக மட்டுமே இருக்கும். அலுவலக அனுமதியில்லாமல் சொந்தப் பயணத்துக்கு வாகனத்தை எடுக்கக்கூடாது."

இரண்டாவது வாக்கியத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. விபத்து என்றால் 4,000 வெள்ளி தன் தலையில் விழும் என்று அஞ்சுகிற ஓட்டுநர் என்ன செய்வார்? எதிர்த்தரப்பிடம் கையில் இருக்கும் 300 வெள்ளியைக் கொடுத்துச் சமாளிப்பார், நம்மிடம் சொல்லமாட்டார். இரண்டு வாரம் கழித்து அந்தக் காரின் உரிமையாளர் கழுத்துவலி என்று கோரிக்கை போடுவார். நம்மிடமோ அறிக்கையும் இருக்காது, படமும் இருக்காது. எக்செஸை ஊழியர் மேல் ஏற்றும் நிறுவனங்கள் அதைவிடப் பெரிய தொகையைத் தங்கள் பைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய நிலைக்கு வருவது இப்படித்தான்.

5. விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டியவை

ஓட்டுநர் பதற்றத்தில் இருப்பார். ஆகவே இந்த வரிசையை ஓர் அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டு வேனின் முன்பெட்டியில் வையுங்கள்.

முதலில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஆம்புலன்சுக்கு 995, போலீசுக்கு 999. யாருக்காவது பலத்த காயம் என்றால் போலீஸ் சொல்லும்வரை வாகனத்தை நகர்த்தக்கூடாது.

அடுத்தது படங்கள். சேதத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் பயனில்லை. இரு வாகனங்களும் சாலைக்கோடுகளும் பதிவு எண்களும் ஒரே படத்தில் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று எடுக்க வேண்டும். யார் எந்தத் தடத்தில் இருந்தார் என்பதுதான் பிறகு பொறுப்பைத் தீர்மானிக்கும். கதவில் விழுந்த பள்ளத்தின் ஆழம் அதைச் சொல்லாது. முன் கேமரா இருந்தால் அந்தப் பதிவை அன்றே எடுத்து வையுங்கள். பல கேமராக்கள் பழைய பதிவின் மேல் புதியதை எழுதிவிடும்.

பிறகு எதிர்த்தரப்பின் பெயர், அடையாள அட்டை எண், தொலைபேசி, முகவரி, காப்புறுதி நிறுவனம் ஆகியவற்றை வாங்கிக்கொண்டு நம்முடையதைத் தர வேண்டும். "என் தவறுதான், மன்னித்துவிடுங்கள், பணம் தந்துவிடுகிறேன்" என்ற வாக்கியம் வாயிலிருந்து வரவே கூடாது. பொறுப்பை ஏற்கும் உரிமை ஓட்டுநருக்கு இல்லை. அப்படி ஏற்றுவிட்டால் காப்புறுதி நிறுவனம் கையை விரிக்கலாம்.

அதன்பின் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் காப்புறுதி நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் விபத்தைப் பதிவு செய்ய வேண்டும். கீறல்கூட இல்லாவிட்டாலும் இது பொருந்தும். தாமதித்தால் காப்புறுதி நிறுவனம் பொறுப்பை மறுக்கலாம், கோரிக்கை போடாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் கோரிக்கையில்லாச் சலுகையும் குறையலாம். சேதமடைந்த வேனையும் அந்த மையத்துக்கே கொண்டுபோக வேண்டும். சாலையோரத்தில் தானாக வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர் சொல்லும் பணிமனைக்கு அனுப்பினால் குத்தகை ஒப்பந்தத்தை மீறியவர்களாக நீங்களே ஆகலாம்.

போலீஸ் புகார் எல்லா விபத்துக்கும் தேவையில்லை. உயிரிழப்பு, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் அளவுக்கோ மூன்று நாளோ அதற்கு மேலோ மருத்துவ விடுப்புத் தரும் அளவுக்கோ காயம், அரசாங்கச் சொத்துக்குச் சேதம், வெளிநாட்டு வாகனம், பாதசாரி அல்லது மிதிவண்டிக்காரர், மோதிவிட்டு ஓடியவர்: இவற்றில் ஒன்று இருந்தாலும் புகார் வேண்டும். ஜொகூர் பதிவு எண் கொண்ட காருடன் சிறிய உரசல்தானே என்று விட்டுவிடுபவர்கள் பலர்.

6. பதிவு செய்வது வேறு, கோரிக்கை போடுவது வேறு

விபத்தைப் பதிவு செய்ததால் மட்டும் எக்செஸ் கட்ட வேண்டி வராது. சொந்தப் பாலிசியில் பழுதுக்குக் கோரிக்கை போட்டாலோ, எதிர்த்தரப்புக்கு நம் காப்புறுதி பணம் தந்தாலோதான் அது வரும். இந்த வேறுபாடு தெரியாமல் பயந்து பதிவே செய்யாமல் விடுவது புதியவர்களின் வழக்கமான தடுமாற்றம்.

தவறு முழுவதும் எதிர்த்தரப்பில் இருந்தால் நேராக அவருடைய காப்புறுதியிடம் கோரலாம். அப்போது நம் எக்செஸ் தொடப்படாது. அந்த வழி மெதுவாக நகரும் என்பதால் குத்தகை நிறுவனம் முதலில் நம்மிடம் எக்செஸை வாங்கிக்கொண்டு, எதிர்த்தரப்பிடமிருந்து பணம் வந்ததும் திருப்பித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம். அப்படியானால் ஒரு நாட்குறிப்பு வையுங்கள். திருப்பித் தர வேண்டிய தொகையை நினைவூட்டாமல் யாரும் தருவதில்லை. அந்தத் தொகை ஓட்டுநரிடமிருந்து பிடித்ததாக இருந்தால் அவருக்குத்தான் போய்ச்சேர வேண்டும்.

பழுதுச் செலவு எக்செஸைவிடக் குறைவாக இருந்தால் சொந்தச் சேதத்துக்குக் கோரிக்கை போடுவதில் பொருளில்லை. ஆனால் வேன் நம்முடையதல்ல. அந்த முடிவைக் குத்தகை நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுக்கொண்டே எடுங்கள்.

7. பில்லை அப்படியே ஏற்காதீர்கள்

எங்களுக்கு வந்த 5,000 வெள்ளி எப்படிக் கூட்டப்பட்டது? சொந்தச் சேதத்துக்கு 2,000, அனுபவக் குறைவுக்கு 2,000, எதிர்த்தரப்புக்கு 1,000. அட்டவணையிலுள்ள எண்களை எடுத்து அப்படியே கூட்டிவிட்டார்கள்.

பணிமனையின் பழுது விலைச்சிட்டையைக் கேட்டோம். எங்கள் வேனின் பழுதுக்கு ஆன செலவு 3,400 வெள்ளி. எக்செஸ் 4,000 வெள்ளி இருந்தாலும் உண்மையான செலவுக்கு மேல் வாங்க முடியாது. எதிர்த்தரப்புக் காருக்குப் பழுதும் மாற்றுவாகன வாடகையும் சேர்ந்து 2,600 வெள்ளி. அதில் முதல் 1,000 வெள்ளி எங்களுடையது. ஆகச் சரியான தொகை 3,400 கூட்டல் 1,000, மொத்தம் 4,400 வெள்ளி. ஒரு மின்னஞ்சலில் 600 வெள்ளி குறைந்தது.

வேன் பணிமனையில் நின்ற நாட்களுக்கும் வாடகை கேட்கிறார்களா, மாற்று வேன் தந்தார்களா என்பதையும் பாருங்கள். அது எக்செஸ் அல்ல, தனிக்கணக்கு. இரண்டையும் ஒரே வரியில் போட்டுவந்த பில்லை எடுத்து ஓட்டுநர் முன் வைக்கும் தவறைச் செய்யாதீர்கள்.

8. ஊழியரின் பங்கைத் தீர்மானிக்கும் முறை

இப்போதுதான் மூன்றாவது கணக்குக்கு வருகிறோம். எண்ணைத் தொடுவதற்கு முன் விசாரணை. நீதிமன்றம் போல இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டுநருக்குப் புரியும் மொழியில், என்ன குற்றச்சாட்டு, எவ்வளவு இழப்பு, எந்த ஆதாரம் என்பதை எழுத்தில் கொடுத்து, பதில் எழுத ஓரிரு நாள் அவகாசம் தர வேண்டும். "ஆங்கிலத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம்" என்பது வாய்ப்பு அல்ல.

எங்கள் தம்பியின் பதில் நேர்மையாக இருந்தது. "அண்ணா, முன்னால் இருந்த காருக்கு நெருக்கமாகத்தான் போனேன். ஆனால் அன்று காலை 6 மணிக்கு வண்டி எடுத்தேன், இரவு 8 மணிக்கும் மூன்று விநியோகம் மீதி இருந்தது." கேமராப் பதிவு முதல் பாதியை உறுதிசெய்தது. எங்கள் விநியோகப் பட்டியல் இரண்டாம் பாதியை உறுதிசெய்தது.

பிறகு 4,400 வெள்ளியைப் பிரித்துப் பார்த்தோம். இரண்டு ஆண்டு அனுபவமுள்ளவர் ஓட்டியிருந்தால் சொந்தச் சேதத்தில் 2,000 வெள்ளியோடு நின்றிருக்கும். 3,400 வெள்ளி ஆனதற்குக் காரணம், 14 மாத உரிமம் உள்ளவரை அந்த வேனில் ஏற்றியது. அந்த 1,400 வெள்ளியின் வித்தியாசம் அலுவலகத்தின் முடிவால் வந்தது, அவருடைய காலால் அல்ல. எதிர்த்தரப்புக்கான 1,000 வெள்ளியும் எனக்கு நெருடியது. சட்டம் பேசுவது ஊழியரிடம் ஒப்படைத்த பொருளைப் பற்றி. அடுத்தவருடைய காரை நாம் அவரிடம் ஒப்படைக்கவில்லை. அந்தத் தொகையைச் சம்பளத்தில் பிடிப்பதற்கு இந்தப் பிரிவைத் துணைக்கழைப்பது பலவீனமான வாதம்.

மிச்சம் 2,000 வெள்ளி. இதில் கவனக்குறைவு இருக்கிறது. ஆனால் சம்பளம் 1,800 வெள்ளி என்பதால் பிடிக்கக்கூடிய உச்சம் 450 வெள்ளி. அதையும் முழுதாக எடுக்கவில்லை. 14 மணி நேர வேலைநாளை நாங்களே வகுத்திருக்கிறோம் என்பதால் 250 வெள்ளியை ஒரே மாதத்தில் பிடித்து, சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்டினோம். மீதி 4,150 வெள்ளி நிறுவனத்தின் செலவு. கணக்குப் பிரிவு முகம் சுளித்தது.

இதில் அடிக்கடி நேரும் பிழைகளைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 400 வெள்ளி என்று தவணை போடுவது. விசாரணைக்கு முன்பே பிடித்துவிட்டுப் பிறகு விளக்கம் கேட்பது. வேலையை விட்டுப் போகும் ஊழியரின் கடைசிச் சம்பளத்தைக் காப்புறுதி முடிவு வரும்வரை நிறுத்திவைப்பது. மற்றொன்று, சம்பளச் சீட்டில் காட்டாமல் ரொக்கமாக வாங்குவது. கையில் வாங்கினால் சட்டத்துக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள். சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கும் கதை மனிதவள அமைச்சு நன்கு கேட்டுப் பழகிய கதை.

தண்டத்துக்குப் பதில் ஊக்கத்தொகை வைக்கும் நிறுவனங்களும் உண்டு. விபத்தில்லாத மாதத்துக்குச் சம்பளத்துக்கு மேல் ஒரு சிறு தொகை. அது நல்ல வழிதான். ஆனால் சிறு கீறலுக்கும் அது போய்விடும் என்றால் ஓட்டுநர்கள் கீறலை மறைப்பார்கள். எங்களிடம், தாமதமின்றிப் பதிவு செய்தவருக்கு அந்த மாத ஊக்கத்தொகை போகாது.

9. இந்தக் கணக்கு பொருந்தாத இடங்கள்

மது அருந்தி ஓட்டியது, உரிமம் இல்லாமல் ஓட்டியது, அனுமதியின்றி ஞாயிற்றுக்கிழமை நண்பர்களை ஏற்றிச் சென்றது. இவற்றில் எக்செஸ் ஒரு சின்ன விஷயம். காப்புறுதி நிறுவனம் வேனின் பழுதை ஏற்க மறுக்கலாம். காயமடைந்த மூன்றாம் தரப்புக்குக் கட்டாயக் காப்புறுதிச் சட்டத்தின்படி அது பணம் தர வேண்டியிருக்கும். ஆனால் பிறகு அதைத் திரும்பக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. இந்தக் கட்டாயச் சட்டம் உயிருக்கும் உடல் காயத்துக்கும் மட்டுமே, எதிர்த்தரப்பின் காருக்கு அல்ல.

இங்கேயும் சம்பளப் பிடித்தத்தின் 25 விழுக்காட்டு வரம்பு மாறாது. நிறுவனம் மீதியைக் கேட்க விரும்பினால் வழக்கறிஞரோடு பேசிச் சிவில் வழக்கு என்ற வேறு வாசலுக்குப் போக வேண்டும். சம்பளம் அந்த வாசல் அல்ல.

ஊழியராக இல்லாமல் சுயதொழிலாகச் சொந்த ஒப்பந்தத்தில் ஓட்டுபவருக்கு வேலை நியமனச் சட்டத்தின் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் தாளில் "சுயதொழில்" என்று எழுதிவிட்டு, நேரமும் வழித்தடமும் சீருடையும் நீங்களே தீர்மானித்தால், அந்தச் சொல்லை யாரும் அப்படியே நம்பமாட்டார்கள்.

10. உடன்பாடு வராவிட்டால்

ஊழியர் தன் சம்பளத்தில் தவறாகப் பிடித்ததாக நினைத்தால் முதலில் டாடம் என்று அழைக்கப்படும் முத்தரப்பு அமைப்பில் சமரசத்துக்குப் பதிவு செய்யலாம். அங்கே முடியாவிட்டால்தான் வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம். வேலையில் இருப்பவர் பிரச்சினை எழுந்து ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்டவர் கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும் பதிவு செய்ய வேண்டும். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கும் இதே வழிதான். ஊர் திரும்பும் டிக்கெட் கையில் வந்த பிறகு நினைவுக்கு வந்தால் நேரம் குறைந்துவிடும்.

இரு தரப்பும் கொண்டுபோக வேண்டியவை ஒன்றே: சம்பளச் சீட்டுகள், விபத்து அறிக்கை, பழுது விலைச்சிட்டை, குத்தகை நிறுவனத்தின் பில், விளக்கம் கேட்ட கடிதம், ஊழியரின் பதில். கடைசி இரண்டும் நிறுவனத்தின் கோப்பில் இல்லையென்றால், சமரச மேசையில் உட்காருவதற்கு முன்பே பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது மலிவு.